வெளிநாட்டுப் பணம் குறைந்து வரவாகியிருந்தால்: வரவு அறிவித்தலை அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் முறை

ஹட்டனில் நான் நடத்தும் கொமியூனிகேஷன் கடைக்கு மாதச் சம்பளம் வரும் வாரங்களில் பாஸ் புத்தகத்தோடு வருபவர்கள் அநேகர். அனுப்பிய பிள்ளை சொன்ன தொகையும் புத்தகத்தில் பதிந்த தொகையும் ஒத்துவரவில்லை என்பதே அவர்களுடைய முறைப்பாடு. கீழே உள்ளவை அந்த முறைப்பாடுகளைத் தீர்க்க நான் பின்பற்றும் படிகள். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத சோதனையை முதலிலும், செலவும் அலைச்சலும் பிடிக்கும் சோதனையைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

அனுப்பியவரின் பற்றுச்சீட்டும் இங்குள்ள வங்கியின் வரவு அறிவித்தலும் ஒருங்கே கையில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. பற்றுச்சீட்டின் படத்தைக் கைத்தொலைபேசியில் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் நான்கு மூலைகளும் தெரிய வேண்டும், ஏனென்றால் கட்டணம் யாருடையது என்ற சொல் பெரும்பாலும் ஓரத்தில்தான் இருக்கும். வரவு அறிவித்தலைக் கிளையில் கேட்டால் தருவார்கள். பாஸ் புத்தகத்தில் பதிந்த ஒற்றை வரி போதாது. அதில் கழிவுகள் எல்லாம் போன பிறகு மிஞ்சிய ரூபாய் மட்டுமே இருக்கும்.

இரண்டு தாள்களும் கிடைத்ததும் முதலில் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும்: ரூபாயாக மாற்றியது யார்? அங்கே உள்ள பணமாற்று நிலையமா, இங்கே உள்ள வங்கியா? இந்த விடையைப் பொறுத்துத்தான் யாரிடம் போய் நிற்பது என்பது முடிவாகும். இது தெரியாமல் கிளைக்குப் போனவர்கள் பொகவந்தலாவையிலிருந்து இரண்டு மூன்று முறை பஸ் ஏறி வந்தும் பதிலின்றித் திரும்பியதைக் கண்டிருக்கிறேன்.

அறிகுறி 1: அறிவித்தலில் வெளிநாட்டு நாணயமே இல்லை, ரூபாய் மட்டும் இருக்கிறது

பணம் வந்த வரியில் LKR என்று மட்டும் இருந்து, நாணயமாற்று வீதம் என்ற வரியே காணப்படாவிட்டால், மாற்றம் அனுப்பிய இடத்திலேயே முடிந்துவிட்டது என்று பொருள். வளைகுடாவிலுள்ள பணமாற்று நிலையங்கள் வழியாக வரும் பணத்தில் பெரும்பகுதி இப்படித்தான் வருகிறது. இங்குள்ள கிளை தன் கையில் வந்த ரூபாயை அப்படியே கணக்கில் சேர்க்கிறது. வீதத்தில் அதற்குப் பங்கில்லை.

பற்றுச்சீட்டில் பெறுநருக்குச் சேரும் ரூபாய்த் தொகை அச்சாகியிருக்கும். அதுவும் கணக்கில் வரவான தொகையும் சதம் பிசகாமல் ஒத்திருந்தால் குறை எதுவும் வழியில் நேரவில்லை. அப்படியும் தொகை குறைவாகத் தோன்றினால், அந்த ரூபாயை அனுப்பிய ரியாலாலோ திர்ஹத்தாலோ வகுத்துப் பாருங்கள். கிடைப்பதே உண்மையில் கிடைத்த வீதம். சவூதி ரியாலும் அமீரகத் திர்ஹமும் டொலரோடு நிலையாகக் கட்டப்பட்டவை, ஒரு டொலருக்கு 3.75 ரியால், 3.6725 திர்ஹம். ஆகவே அன்றைய டொலர் வீதத்தை இந்த எண்ணால் வகுத்தால் அந்த நாணயத்துக்கு ஏறக்குறைய என்ன கிடைத்திருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். டொலர் 300 ரூபாய் என்றால் ரியால் 80 ரூபாய். நிலையம் 78.50 கொடுத்திருந்தால், கட்டணம் இலவசம் என்று எழுதிப்போட்டு வீதத்தில் எடுத்துக்கொண்டது ரியாலுக்கு ஒன்றரை ரூபாய் என்று கொள்ளலாம். 2,000 ரியாலுக்கு அது 3,000 ரூபாய்.

பற்றுச்சீட்டிலுள்ள ரூபாயை விடக் குறைவாக வரவாகியிருந்தால் மட்டும் கிளைக்குப் போகலாம். அங்கே அடுத்த வரியில் ஏதேனும் கட்டணம் தனியாகப் பற்றாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

குவைத்திலிருந்து வரும் தாள்களில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குவைத் டினாருக்கு மூன்று தசம இலக்கங்கள் உண்டு. ஒரு டினார் 1,000 ஃபில்ஸ். `KWD 120.000` என்பது நூற்றிருபது டினார்தான், ஓர் இலட்சத்து இருபதாயிரம் அல்ல. புள்ளியைக் காற்புள்ளியாக எண்ணி, பெரும் பணம் காணாமற்போனதாகப் பதறி வந்தவர்கள் பலர். ஓமான் ரியாலும் பஹ்ரேன் டினாரும் இப்படியே.

அறிகுறி 2: டொலராக வந்தது, அனுப்பியதைவிடக் குறைவாக வரவாகியுள்ளது

இதுதான் அதிகம் வரும் முறைப்பாடு. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அம்மா வந்தார். "தம்பி, மகன் அறுநூறு டொலர் போட்டிருக்கான், எட்டாயிரத்துக்கு மேல காணோமே" என்றார். மகன் வேலை செய்வது துபாயில்; தன்னுடைய வங்கிக் கணக்கிலிருந்து நேரே அனுப்பியிருந்தார். தன் கைத்தொலைபேசியில் டொலர் 301.20 ரூபாய் என்று பார்த்து, 1,80,720 ரூபாய் வரும் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். புத்தகத்தில் பதிந்தது 1,72,394 ரூபாய். 8,326 ரூபாய் குறைவு.

கிளையில் அவர் கேட்டு வாங்கி வந்த தாளில், பணத்தோடு வங்கியிலிருந்து வங்கிக்கு வந்த செய்தியின் முக்கியமான வரிகள் இப்படி இருந்தன:

```
:32A:250612USD585,00
:33B:USD600,00
:71A:SHA
:71F:USD15,00
```

இந்த நான்கு வரிகளைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 33B அனுப்பியவர் அனுப்பச் சொன்ன தொகை. 32A நம் வங்கியின் கைக்கு வந்து சேர்ந்த தொகை. அதன் முன்னால் உள்ள ஆறு இலக்கங்கள் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் அமைந்த பெறுமதித் திகதி. இங்கே காற்புள்ளிதான் தசமப் புள்ளி என்பதை மறக்கக் கூடாது. 71F வழியில் இருந்த வங்கி கழித்துக்கொண்ட கட்டணம். 71A கட்டணம் யாருடையது என்பதைச் சொல்கிறது: OUR என்றால் எல்லாம் அனுப்பியவருடையது, BEN என்றால் எல்லாம் பெறுபவருடையது, SHA என்றால் அனுப்பும் வங்கியின் கட்டணம் அவருக்கும் மற்றவை நமக்கும்.

2025 நவம்பருக்குப் பிறகு வங்கிகளுக்கிடையிலான இத்தகைய செய்திகள் புதிய வடிவத்துக்கு மாறிவிட்டன. புதிய தாளில் 33B இருந்த இடத்தில் `InstdAmt` என்றும், 32A இருந்த இடத்தில் `IntrBkSttlmAmt` என்றும், கட்டண வரியில் OUR என்பதற்குப் பதிலாக DEBT, SHA என்பதற்குப் பதிலாக SHAR, BEN என்பதற்குப் பதிலாக CRED என்றும் இருக்கலாம். எழுத்துகள் மாறினாலும் கணக்கு மாறவில்லை.

இனி அம்மாவின் கணக்கு. நம் வங்கி மாற்றியது 600 டொலரை அல்ல, 585 டொலரை. அறிவித்தலில் இருந்த வீதம் 296.40. இரண்டையும் பெருக்கினால் 1,73,394 ரூபாய். அதிலிருந்து இங்குள்ள வங்கியின் தரகுக் கட்டணம் 1,000 ரூபாய் கழிய, வரவானது 1,72,394. அறிவித்தலில் தவறில்லை.

அப்படியானால் 8,326 ரூபாய் எங்கே போனது? மகன் பார்த்த வீதத்தையே அளவுகோலாக வைத்துப் பிரித்தேன். வழியில் கழிந்த 15 டொலரின் பெறுமதி 4,518 ரூபாய். மிஞ்சிய 585 டொலருக்கும் டொலருக்கு 4.80 ரூபாய் வீத வித்தியாசம் 2,808 ரூபாய். தரகு 1,000 ரூபாய். மூன்றையும் கூட்டினால் சரியாக 8,326. இப்படிக் கடைசி ரூபாய் வரை பிரித்துக் காட்டிய பிறகுதான் அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. தாள்களில் உள்ள எண்களைக் கொண்டு குறையை இவ்வாறு முழுவதுமாக விளக்க முடிந்தால் யாரிடமும் முறையிட ஒன்றுமில்லை. அடுத்த முறை அனுப்பும் விதத்தை மாற்றுவதுதான் மிச்சம். வழியில் கழியும் கட்டணம் பொதுவாகத் தொகைக்கு ஏற்பக் கூடுவதில்லை. 200 டொலரிலிருந்தும் அதே 15 டொலர் போகக்கூடும். ஆகவே மாதம் மும்முறை சிறிது சிறிதாக அனுப்புவதை ஒரே முறையாக்கச் சொல்லி மகனுக்குச் செய்தி அனுப்பினோம்.

கணக்கு இப்படிச் சரியாக அடங்காவிட்டால் பின்வரும் நிலைமைகளில் உங்களுக்குப் பொருந்துவதைப் பாருங்கள்.

*33B, 32A இரண்டும் சமம், ஆனால் ரூபாய் குறைவு:* வழியில் எதுவும் போகவில்லை. குறை வீதத்திலோ இங்குள்ள கட்டணத்திலோ இருக்கிறது. அறிகுறி 3க்குப் போங்கள்.

*33Bயைவிட 32A குறைவு, 71A வரியில் SHA அல்லது BEN:* அனுப்பும்போது தேர்ந்தெடுத்ததன் விளைவு இது. படிவத்தில் அல்லது செயலியில் இந்தத் தெரிவு பெரும்பாலும் முன்கூட்டியே SHA என்று குறிக்கப்பட்டிருக்கும். பிள்ளைகள் அதைக் கவனிப்பதில்லை. திரும்பப் பெற வழியில்லை.

*33Bயைவிட 32A குறைவு, 71A வரியில் OUR:* இங்கே நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது. அனுப்பியவர் முழுக் கட்டணத்தையும் செலுத்தியும் இடையிலிருந்த வங்கி கழித்துவிட்டது. ஆனால் இதைக் கேட்க வேண்டியவர் அனுப்பியவர்தான். தன் வங்கியில் பற்றுச்சீட்டையும் நம் அறிவித்தலின் படத்தையும் கொடுத்து, கழித்த தொகையை மீட்டுத் தரும்படி எழுத்தில் கேட்க வேண்டும். இப்படி விசாரிக்கச் சில வங்கிகள் கட்டணம் கேட்கும். பிழை தங்கள் பக்கம் என்றால் அதைத் திருப்பித் தருவார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. கழிந்தது 10 டொலர், விசாரணைக் கட்டணம் 25 டொலர் என்றால் விட்டுவிடுவதே மேல்.

*71F வரியே இல்லை, ஆனாலும் குறைவு:* கழித்தவர் யார் என்று தாள் சொல்லவில்லை. பற்றுச்சீட்டில் UETR என்ற 36 எழுத்துகள் கொண்ட நீண்ட இலக்கம் இருந்தால், அதைக் கொண்டு பணம் எந்த எந்த வங்கிகளைக் கடந்தது, எங்கே எவ்வளவு கழிந்தது என்பதைப் பெரும்பாலும் தேடிப் பார்க்க முடியும். இது கிளையின் முன் மேசையில் முடியும் வேலையல்ல. கிளை முகாமையாளர் வழியாகக் கொழும்பிலுள்ள வெளிநாட்டுப் பணப் பிரிவுக்குப் போக வேண்டும்.

அறிகுறி 3: வீதம் குறைவாக இருக்கிறது

முதலில் உண்மையான வீதத்தை நீங்களே கணக்கிடுங்கள். இங்குள்ள கட்டணம் கழிப்பதற்கு முந்திய ரூபாயை, 32A வரியிலுள்ள டொலரால் வகுக்க வேண்டும். கட்டணம் கழித்த பிறகுள்ள ரூபாயை வகுத்தாலும், 33B தொகையால் வகுத்தாலும் வீதம் பொய்யாகக் குறைந்து தோன்றும். வங்கியோடு வாக்குவாதப்பட்டவர்கள் பலர் தவறியது இந்த இடத்தில்தான்.

கிடைத்த வீதம் அறிவித்தலில் அச்சாகியுள்ள வீதத்தோடு ஒத்திருந்தால், அடுத்ததாக எதனோடு ஒப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். கைத்தொலைபேசியில் தேடியவுடன் வருவது வாங்கும் வீதத்துக்கும் விற்கும் வீதத்துக்கும் நடுவிலுள்ள வீதம். அந்த விலைக்கு எந்த வங்கியும் நம்மிடம் டொலர் வாங்குவதில்லை. கிளையின் பலகையில் பொதுவாக இந்த நிரல்கள் இருக்கும்: நாணயத்தாளை வாங்குவது, விற்பது, TT எனப்படும் கணக்குவழிப் பணத்தை வாங்குவது, விற்பது. நமக்குப் பொருந்துவது TT வாங்கும் வீதம் ஒன்றே. நாணயத்தாளை வாங்கும் வீதம் பொதுவாக அதைவிடக் குறைவு. எனவே உங்கள் வீதம் அன்றைய நாணயத்தாள் வீதத்தோடு அச்சொட்டாகப் பொருந்தினால், தவறான நிரல் எடுக்கப்பட்டிருக்கலாம். இது அரிது, ஆனால் நடந்திருக்கிறது; திகதியிட்ட பலகையின் படத்தோடு போனபோது கிளை அதே வாரத்தில் வித்தியாசத்தை வரவு வைத்தது.

நாளும் முக்கியம். வீதம் பெரும்பாலும் பிள்ளை அனுப்பிய நாளுக்குரியதல்ல, நம் வங்கி அதை மாற்றிய நாளுக்குரியது. கட்டாரிலோ சவூதியிலோ வியாழன் மாலை வங்கி வழியாக அனுப்பினால், வெள்ளியும் சனியும் அங்கே விடுமுறை, சனியும் ஞாயிறும் இங்கே விடுமுறை. திங்கள் போயா தினமாக அமைந்தால் செவ்வாய்தான் மாற்றம் நடக்கும். 2022 மார்ச்சில் ரூபாயின் பெறுமதி வாரத்துக்கு வாரம் சரிந்த காலத்தில் இந்த இடைவெளி மட்டுமே ஒரு குடும்பத்துக்குப் பல்லாயிரம் ரூபாய் வித்தியாசத்தை உண்டாக்கியது. மத்திய வங்கி தன் இணையதளத்தில் நாள்தோறும் வாங்கும், விற்கும் வீதங்களை வெளியிடுகிறது. பழைய திகதிகளையும் அங்கே பார்க்கலாம். உங்கள் வீதம் அந்த நாளின் வாங்கும் வீதத்திலிருந்து ஓரிரு ரூபாய் விலகுவது வங்கிக்கு வங்கி உள்ள வித்தியாசம். ஐந்தாறு ரூபாய் விலகினால் கேட்பதற்கு இடமுண்டு.

அறிவித்தலின் பெறுமதித் திகதிக்கும் வரவான திகதிக்கும் இடையே வேலை நாட்கள் பல கழிந்திருந்து, அதற்குள் வீதமும் குறைந்திருந்தால், தாமதத்துக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பெறுநர் ஓர் ஆவணத்தைக் கொடுக்காமல் இருந்ததால் தாமதித்ததா, வங்கியே வைத்திருந்ததா என்பதைப் பொறுத்து உங்கள் கோரிக்கையின் வலு மாறும்.

அறிகுறி 4: அனுப்பிய பணம் வரவாகவே இல்லை, அல்லது குறைந்து திரும்பிப் போனது

மலையகத்தில் இதற்கு முதற்காரணம் பெயர். பிறப்புச் சான்றிதழை எழுதியவர் கேட்டபடி எழுதியது ஒன்று, அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் வந்தது வேறொன்று. `LETCHUMY` என்று மகள் எழுதி அனுப்ப, கணக்கு `LUXMY` என்ற பெயரில் இருந்தால், இலக்கம் சரியாக இருந்தும் வங்கி பணத்தை நிறுத்திவைக்கும். பாஸ் புத்தகத்தின் முதற்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பி, அதிலுள்ள எழுத்துகளையே முதலெழுத்துகள் உட்பட அப்படியே இடச் சொல்லுங்கள். இதற்குச் செலவே இல்லை.

பணம் நிறுத்தி மட்டும் வைக்கப்பட்டிருந்தால் அடையாள அட்டையோடு கிளைக்குப் போய் விசாரிக்கலாம். இரண்டு பெயர்களும் ஒருவருடையதே என்பதற்குச் சத்தியக்கடதாசி கேட்கப்படலாம். ஆனால் அனுப்பியவர் தன் வங்கியில் பெயர்த் திருத்தச் செய்தி ஒன்றை அனுப்பச் சொல்வதே விரைவான வழி. திரும்பிப் போயிருந்தால் இரட்டை இழப்பு உண்டு: போகும் வழியிலும் வரும் வழியிலும் கட்டணம் கழியும், திர்ஹத்திலிருந்து டொலராக மாற்றி அனுப்பியிருந்தால் திரும்பவும் திர்ஹமாக்கும்போது வீத வித்தியாசமும் போகும். ஆகவே தவறு தெரிந்ததும் திரும்பும்வரை காத்திருக்காமல் திருத்தத்தை அனுப்பச் செய்யுங்கள்.

எப்போது மேலே போக வேண்டும்

குறையை எண்களால் முழுவதும் விளக்க முடியவில்லை, அல்லது OUR என்று இருந்தும் கழிந்திருக்கிறது, அல்லது வீதம் தவறான நிரலிலிருந்து வந்திருக்கிறது என்று தாள் காட்டுகிறது: இவற்றில் ஒன்று இருந்தால் வாய்ப்பேச்சை நிறுத்திவிட்டு எழுத்தில் கொடுங்கள். கிளை முகாமையாளருக்கு எழுதும் கடிதத்தில் நான்கு எண்கள் போதும்: அனுப்பிய தொகை, வந்து சேர்ந்த தொகை, பிரயோகித்த வீதம், வரவான ரூபாய். அதனோடு திகதியும், வங்கிச் செய்தியில் 20 என்று தொடங்கும் வரியிலுள்ள தொடர்பிலக்கமும் இருக்க வேண்டும். பிரதியொன்றில் கிளையின் முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள்.

பதில் வராவிட்டாலோ, வந்த பதில் எண்களைத் தொடாமல் பொதுவாக இருந்தாலோ, அந்த வங்கியின் தலைமையகத்திலுள்ள முறைப்பாட்டுப் பிரிவுக்கும், அதன் பின்னர் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கும் போகலாம். 1935 என்ற இலக்கத்தில் அழைத்து விபரம் கேட்கலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது வங்கிக்கு நீங்கள் கொடுத்த கடிதம்தான். முத்திரையிட்ட பிரதியைப் பாதுகாக்கச் சொல்வது இதற்காகவே. மாற்றம் வெளிநாட்டு நிலையத்தில் நடந்திருந்தால் இந்தப் படிகள் உதவா. பிள்ளை அந்த நாட்டிலேயே பற்றுச்சீட்டோடு முறையிட வேண்டும்.